மீட்டிங்கில் என் முகம் மூச்சு வாங்குகிறது: கேமராவை மாற்றுவதா, பூட்டுவதா?

ரோசில் கணக்கன் | பிப்ரவரி 3, இரவு 9.20

மொரீசியஸில் ரோசில் வீட்டிலிருந்து ஒரு பாரிஸ் வாடிக்கையாளருக்குக் கணக்கு பார்க்கிறேன். திங்கள்தோறும் வீடியோ மீட்டிங், நமக்கு மதியம் ஒரு மணி, அவர்களுக்குக் காலை பத்து. மானிட்டர் தலைமேல் தனி யூஎஸ்பி கேமரா, வாங்கி இரண்டு வருடம். நேற்று வரிக்கணக்கை விளக்கிக்கொண்டிருக்கும்போது என் முகம் மங்குகிறது, தெளிகிறது, மறுபடி மங்குகிறது. மங்கும்போது முகம் லேசாகப் பெருத்துச் சுருங்குகிறது. அந்தப் பக்கம் ஒரு அம்மா, "நீங்கள் தண்ணீருக்கடியில் இருப்பது போல இருக்கிறது" என்றார்.

பதிவை எடுத்துப் பார்த்தேன். நாற்பது நிமிடத்தில் 31 முறை. (எண்ணினேன். தொழில் புத்தி.) லென்ஸைத் துடைத்தாயிற்று, யூஎஸ்பி துளையை மாற்றியாயிற்று. என் முடிவு: கேமரா செத்துக்கொண்டிருக்கிறது, புதியது வாங்க வேண்டும். யாராவது மறுக்கிறீர்களா?

டர்பன் 031 | பிப்ரவரி 3, இரவு 10.05

மறுக்கிறேன். வெளிச்சம் போதவில்லை, அவ்வளவுதான். முகத்துக்கு நேரே ஒரு விளக்கு வையுங்கள், எல்லாம் நின்றுவிடும். கேமராவுக்குச் செலவழிக்காதீர்கள்.

ரோசில் கணக்கன் | பிப்ரவரி 5, மாலை 6.40

மகளின் படிப்பு மேசை விளக்கைப் பிடுங்கி வைத்துப் பார்த்தேன். டர்பன்காரர் சொன்னதில் பாதி சரி. இன்று இடையில் வந்த மீட்டிங்கும் நாற்பது நிமிடம்தான், 31 என்பது 12 ஆகியிருக்கிறது. ஆனால் அந்தப் பன்னிரண்டு போகவில்லை.

எந்த எந்த நொடியில் மங்கியது என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். பன்னிரண்டில் ஒன்பது, திரையில் யாரோ பக்கம் மாற்றிய நேரம். மற்ற மூன்றில் நான் கையை ஆட்டிப் பேசியிருக்கிறேன். கை ஆட்டினால் கேமரா குழம்பலாம், புரிகிறது. பாரிஸில் ஒருவர் பக்கம் புரட்டினால் ரோசிலில் என் கேமராவுக்கு என்ன வந்தது?

பழைய ஸ்டூடியோ, போர்ட் லூயிஸ் | பிப்ரவரி 5, இரவு 8.15

தம்பி, பதில் உங்கள் தாளிலேயே இருக்கிறது. அவர் வெள்ளைப் பக்கத்திலிருந்து கருப்புப் பக்கத்துக்குப் போனால், உங்கள் மானிட்டர் உங்கள் முகத்தில் அடிக்கும் வெளிச்சம் குறைகிறது. கேமரா உடனே எக்ஸ்போஷரை, அதாவது ஒவ்வொரு படத்துக்கும் ஒளி வாங்கும் நேரத்தை, கூட்டுகிறது. படத்தின் பளபளப்பு மாறியதும், "காட்சியே மாறிவிட்டது, ஃபோகஸ் சரியா பார்ப்போம்" என்று லென்ஸ் கிளம்புகிறது.

இந்தக் கேமராக்களுக்குத் தூரம் அளக்கத் தெரியாது. லென்ஸைக் கொஞ்சம் நகர்த்தும், படத்தில் விளிம்புகள் கூர்மையானதா என்று பார்க்கும், இன்னும் கொஞ்சம் நகர்த்தும். எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதும் முன்கூட்டித் தெரியாது. அதனால் சரியான இடத்தைத் தாண்டிப் போய், கூர்மை குறைந்த பிறகுதான் "அடடா, தாண்டிவிட்டோம்" என்று திரும்பி வரும். நீங்கள் பார்க்கும் மங்கல் அந்தப் பயணம்தான். முகம் பெருத்துச் சுருங்குவதும் அதனாலேயே. லென்ஸ் முன்னும் பின்னும் போகும்போது படத்தின் அளவு கொஞ்சம் மாறும்.

இருட்டில் இது இன்னும் மோசம். படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் வந்துவிட்டால், எது விளிம்பு எது புள்ளி என்று கேமராவுக்குத் தெரியாது, உச்சியைக் கண்டுபிடிக்க முடியாமல் அலையும். விளக்கு வைத்ததும் 31 பன்னிரண்டானது இதனால்தான். டர்பன் ஐயா சொன்னது தவறில்லை, ஆனால் அது முழுப் பதிலில்லை.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். மீட்டிங் எதுவும் இல்லாமல், கணினியிலிருக்கும் சாதாரண கேமரா செயலியில் உங்களைப் பதிவு செய்துகொண்டே, திரையில் ஒரு வெள்ளைப் பக்கம், ஒரு கருப்புப் பக்கம் என்று மாற்றி மாற்றிக் காட்டுங்கள். அதிலும் மங்கினால் கேமராவின் வேலை. மங்காவிட்டால் இணையத்தின் வேலை, வேறு வழி பார்க்க வேண்டும்.

காத்ர் போர்ன் டீச்சர் | பிப்ரவரி 6, காலை 7.10

எனக்கும் இதே கதைதான் தம்பி! சனிக்கிழமை தமிழ் வகுப்பில் என் காது வருகிறது, போகிறது. கொண்டையில் பாதி காணாமல் போகிறது. பிள்ளைகள் சிரிக்கிறார்கள். நானும் ஃபோகஸைப் பூட்ட வேண்டுமா?

ரோசில் கணக்கன் | பிப்ரவரி 6, காலை 7.50

அக்கா, உங்களுடையது வேறு நோய் என்று நினைக்கிறேன். பின்னணியை மங்கலாக்கும் வசதி போட்டிருக்கிறீர்களா? எது நீங்கள், எது சுவர் என்று மென்பொருள் கத்தரிக்கோலால் வெட்டுகிறது, வெட்டும்போது காதும் சேர்ந்து போகிறது. அதை அணைத்துப் பாருங்கள். கண்ணும் மூக்கும் தெளிவாக இருந்து ஓரம் மட்டும் தின்னப்பட்டால் அது கத்தரிக்கோல். முகம் முழுக்க ஒரே நேரத்தில் மங்கினால்தான் என் நோய்.

காத்ர் போர்ன் டீச்சர் | பிப்ரவரி 6, காலை 8.02

அணைத்தேன். காது திரும்பி வந்துவிட்டது. ஆனால் இப்போது பின்னால் இஸ்திரி போடாத துணி மலை தெரிகிறது.

ரோசில் கணக்கன் | பிப்ரவரி 7, இரவு 10.30

ஸ்டூடியோ ஐயா சொன்ன சோதனை. அறை விளக்கு மட்டும், மேசை விளக்கு இல்லை. பத்து நொடிக்கு ஒரு தடவை வெள்ளை, கருப்பு, வெள்ளை, கருப்பு. இரண்டு நிமிடத்தில் பன்னிரண்டு மாற்றம், ஒன்பது தடவை லென்ஸ் கிளம்பியது. இணையக் கம்பியைப் பிடுங்கிவிட்டுச் செய்தேன், ஆகவே இணையத்தின் மேல் பழி போட முடியாது.

மேசை விளக்கையும் போட்டு, மானிட்டர் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்து மறுபடி. இந்தத் தடவை மூன்று. விளக்கு கூடி மானிட்டர் குறைந்ததால், முகத்தில் விழும் வெளிச்சத்தில் மானிட்டரின் பங்கு சிறிதாகிவிட்டது. பக்கம் மாறினாலும் கேமராவுக்கு அவ்வளவாக உறைக்கவில்லை.

சரி, கேமரா சாகவில்லை. என் முதல் பதிவின் முடிவை வாபஸ் வாங்குகிறேன். மூன்றைச் சுழியமாக்க ஃபோகஸைப் பூட்ட வேண்டும். நான் நாற்காலியை விட்டு எங்கும் போகப்போவதில்லை, என்னை எதற்கு அது தேட வேண்டும்?

ரோசில் கணக்கன் | பிப்ரவரி 8, மாலை 4.15

பூட்டியாயிற்று. எப்படி என்று எழுதி வைக்கிறேன், பின்னால் எனக்கே வேண்டியிருக்கும்.

விண்டோஸின் கேமரா அமைப்புகளில் தேடி நேரத்தை வீணாக்கினேன். என் கேமராவுக்கு அங்கே பளபளப்பு, நிறம் எல்லாம் இருந்தது, ஃபோகஸ் இல்லை. கிடைத்த இடம் ஓபிஎஸ் என்ற வீடியோப் பதிவு மென்பொருள். அதில் `Video Capture Device` என்று கேமராவைச் சேர்த்து, அதன் `Properties` உள்ளே `Configure Video` என்ற பொத்தானை அழுத்தினால், பழைய காலத்துச் சாம்பல் நிறப் பெட்டி ஒன்று திறக்கும். அதில் `Camera Control` என்ற தாவல். `Focus` எதிரே இருக்கும் `Auto` டிக்கை எடுத்துவிட்டால் ஸ்லைடர் நம் கைக்கு வரும். என்னுடையதில் 0 முதல் 250 வரை, ஐந்தைந்தாக நகர்கிறது.

நகர்த்தினேன். முகம் பளிச்சென்று தெளிந்த இடம் 60. மூடினேன். பெருமையோடு சாய்ந்து உட்கார்ந்தேன். முகம் மங்கல்.

என்ன நடந்தது தெரியுமா? ஸ்லைடரை நகர்த்தும்போது திரையை உற்றுப் பார்க்க நான் முன்னால் குனிந்திருக்கிறேன். குனிந்த மூஞ்சிக்கு ஃபோகஸ் பண்ணிவிட்டு, சாய்ந்த மூஞ்சியோடு மீட்டிங்குக்குப் போகப் பார்த்திருக்கிறேன்.

பிறகு மகளைக் கூப்பிட்டேன். நான் வழக்கம்போல் சாய்ந்து உட்கார்ந்து, பழைய செய்தித்தாள் ஒன்றைக் கன்னத்தோடு ஒட்டி, கண்ணுக்கு நேரான தூரத்தில் பிடித்தேன். அவள் மௌஸைப் பிடித்து, எழுத்து எப்போது கூர்மையாகிறது என்று பார்த்தாள். கூர்மை வந்ததும் நிறுத்தவில்லை. தாண்டிப் போய், மங்கின பிறகு திரும்பி வந்தாள். 30-லும் 40-லும் ஒரே மாதிரி நன்றாக இருந்தது, நடுவில் 35 வைத்தோம். கேமராவிலிருந்து கண் வரை எழுபது சென்டிமீட்டர்.

முன்னும் பின்னும் அசைந்து பார்த்தேன். ஏறக்குறைய 55 சென்டிமீட்டரிலிருந்து ஒரு மீட்டர் வரை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். காபிக் கோப்பையை எடுக்கக் குனிந்தால் மட்டும் கொஞ்சம் மங்குகிறது, அதற்குள் நிமிர்ந்துவிடுகிறேன்.

அந்த 35 என் கேமராவுக்கு மட்டும். உங்கள் கேமராவில் அது வேறு எண்ணாக இருக்கும். அதே கடையில் வாங்கிய அதே மாதிரிக் கேமராவாக இருந்தாலும் நான் நம்ப மாட்டேன்.

டர்பன் 031 | பிப்ரவரி 8, மாலை 5.00

இவ்வளவு பாடா? நான் எப்போதும் 0 வைப்பேன். எல்லாமே தெளிவாக இருக்கும்.

பழைய ஸ்டூடியோ, போர்ட் லூயிஸ் | பிப்ரவரி 8, இரவு 7.30

பல கேமராக்களில் 0 என்பது தொலைதூரக் கோடி. உங்கள் சுவர் நாள்காட்டி தெளிவாக இருக்கும், உங்களை விட. நீங்கள் கேமராவிலிருந்து தள்ளி உட்காருகிறவராக இருந்தால் வித்தியாசம் கண்ணில் படாமல் போகலாம். எழுபது சென்டிமீட்டரில் உட்காருகிறவருக்குப் படும். ஒரு செய்தித்தாளைப் பிடித்துப் பாருங்கள்.

கணக்கன் தம்பிக்கு இன்னொன்று. கேமராவைக் கீழ்நோக்கிச் சாய்த்தால் ஃபோகஸ் சற்று நகரலாம். இந்தச் சின்ன லென்ஸ்கள் பெரும்பாலும் மெல்லிய சுருளில் தொங்குகின்றன, பூமி இழுக்கும் திசை மாறினால் இருக்கும் இடமும் மயிரிழை மாறும். நிறுத்த வேண்டிய கோணத்தில் நிறுத்திவிட்டு, பிறகு ஃபோகஸ் பாருங்கள்.

டர்பன் 031 | பிப்ரவரி 8, இரவு 9.45

பிடித்துப் பார்த்தேன். ஒன்றும் சொல்வதற்கில்லை.

(நாள்காட்டி அருமையாகத் தெரிகிறது.)

ரோசில் கணக்கன் | பிப்ரவரி 9, மாலை 3.30

பூட்டிய பிறகு முதல் திங்கள் மீட்டிங். மங்கல்: சுழியம்.

ஆனால் இன்னொன்று இப்போதுதான் கண்ணில் படுகிறது. பக்கம் மாறும்போதெல்லாம் முகம் வெளுக்கிறது, கறுக்கிறது. இது முன்பும் இருந்திருக்கும், மங்கலுக்குள் ஒளிந்திருந்தது. பல்வலி நின்றதும் தலைவலி தெரிவது மாதிரி. ஃபோகஸைப் பூட்டினால் லென்ஸ்தான் நிற்கும், எக்ஸ்போஷர் தன்பாட்டுக்கு ஏறி இறங்கிக்கொண்டேதான் இருக்கும். சரி, அதையும் பூட்டிவிடுகிறேன்.

ரோசில் கணக்கன் | பிப்ரவரி 9, இரவு 11.10

பூட்டினேன். மாட்டிக்கொண்டேன்.

அதே பெட்டி, அதே தாவல், `Exposure` எதிரே `Auto` டிக்கை எடுத்தேன். எண்கள் -4, -5, -6 என்று போகின்றன. தலை சுற்றியது. பிறகு பிடிபட்டது: -5 என்றால் இரண்டை ஐந்து தடவை பெருக்கி ஒன்றை அதால் வகுக்க வேண்டும், அதாவது நொடியில் 32-இல் ஒரு பங்கு. -6 என்றால் 64-இல் ஒரு பங்கு. ஒரு படி இறங்கினால் வெளிச்சம் பாதி.

-4 வைத்தால் முகம் நன்றாக இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் நொடியில் 16-இல் ஒரு பங்கு நேரம் எடுப்பதால் நொடிக்கு முப்பது படம் வர வழியில்லை. கை அசைத்தால் இழுபடுகிறது. -6 வைத்தால் அசைவு சுத்தம், ஆனால் படத்தில் குறுக்கே மங்கலான பட்டைகள் ஊர்கின்றன, துணி உலர்த்தும் கயிற்றில் காற்று அடிப்பது போல. மீட்டருக்கு மின்சாரம் கொடுக்கிறவர்களைத் திட்டலாமா என்று யோசித்தேன்.

தானியங்கியில் இருந்தபோது இந்தப் பட்டை இல்லவே இல்லை. இது என்ன?

பழைய ஸ்டூடியோ, போர்ட் லூயிஸ் | பிப்ரவரி 10, காலை 6.20

யாரையும் திட்ட வேண்டாம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்ஈடியும் பழைய குழல்விளக்கும் அதில் நொடிக்கு நூறு தடவை கூடிக் குறைகின்றன. கண்ணுக்குத் தெரியாது. கேமரா படத்தை மேலிருந்து கீழே வரி வரியாக எடுக்கிறது, அதனால் சில வரிகளுக்கு விளக்கின் உச்சம் கூடுதலாகக் கிடைக்கிறது, சில வரிகளுக்குக் குறைவாக. அதுதான் பட்டை.

ஒவ்வொரு வரிக்கும் முழுத் துடிப்புகளாகக் கிடைத்தால் பட்டை வராது. ஒரு துடிப்பு நொடியில் நூறில் ஒரு பங்கு. ஆக 1/100, 1/50, அல்லது மூன்று துடிப்பு. தானியங்கியில் `PowerLine Frequency` என்பதில் 50 இருந்தால், கேமரா தானே இந்தப் படிகளில் நின்றுகொள்ளும். நீங்கள் கையால் பூட்டியதும் அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. 1/64 என்பது ஒன்றரைத் துடிப்பு, ஆகவே பட்டை. 1/32 மூன்று துடிப்புக்கு மிக அருகில். -5 வைத்துப் பாருங்கள்.

ரோசில் கணக்கன் | பிப்ரவரி 10, இரவு 8.00

-5. பகலிலேயே வைத்துப் பார்த்தேன். பட்டை உற்றுப் பார்த்தால்தான் தெரிகிறது. 1/32 என்பது 1/30-ஐ விடக் குறைவு, ஆகவே முப்பது படமும் வருகிறது. கொஞ்சம் இருட்டாக இருந்தது. `Video Proc Amp` தாவலில் `Gain` கூட்டினால் வெளிச்சம் வருகிறது, கூடவே புள்ளிகளும் வருகின்றன. பாதி வரை கூட்டிவிட்டு, மீதிக்கு விளக்கைக் கிட்டே இழுத்தேன்.

வெள்ளை, கருப்பு சோதனையை மறுபடி ஓட்டினேன். மானிட்டர் மாறும்போது முகம் மாறத்தான் செய்கிறது, ஆனால் உண்மையில் எவ்வளவு மாறுகிறதோ அவ்வளவே. முன்பு கேமரா அதற்கு எதிராக இழுத்து, தாண்டிப் போய், திரும்பி வந்தது. அந்த ஊஞ்சல் நின்றுவிட்டது.

யாங்கோன் தம்பி | பிப்ரவரி 11, காலை 9.30

அண்ணே, எங்களுக்கும் 50 ஹெர்ட்ஸ்தான். ஆனால் பாதி நாள் ஜெனரேட்டரில் ஓடுகிறது. நீங்கள் சொன்னபடி வைத்தால், கரண்ட் இருக்கும்போது சுத்தமாக இருக்கிறது, ஜெனரேட்டர் போட்டதும் பட்டை ஓடுகிறது. சுமை கூடினால் பட்டையின் வேகமும் மாறுகிறது. கீழே யாராவது தண்ணீர் மோட்டார் போட்டால் எனக்கு என் கேமராவிலேயே தெரிந்துவிடும்.

பழைய ஸ்டூடியோ, போர்ட் லூயிஸ் | பிப்ரவரி 11, மதியம் 1.15

சின்ன ஜெனரேட்டரின் துடிப்பு சுமைக்கேற்ப நகரும், 50-இல் அசையாமல் நிற்காது. எந்த எண் வைத்தாலும் துரத்த முடியாது. முகத்துக்கு மட்டும் பேட்டரியிலோ கணினியின் யூஎஸ்பியிலோ எரியும் விளக்கு வைத்துக்கொள்ளுங்கள், தம்பி. அதை முழு வெளிச்சத்தில் எரிய விடுங்கள். குறைத்து வைத்தால் சில விளக்குகள் வேகமாக அணைந்து அணைந்து எரிந்துதான் வெளிச்சத்தைக் குறைக்கின்றன, மறுபடி பட்டை.

யாங்கோன் தம்பி | பிப்ரவரி 11, மாலை 7.40

பவர் பேங்கில் சொருகும் விளக்கு ஒன்று கிடந்தது. பட்டை முக்கால்வாசி போய்விட்டது, சுவரில் மட்டும் ஓடுகிறது. இனி மோட்டார் போடுவது தெரியாது.

என் கணினி லினக்ஸ். அந்தச் சாம்பல் பெட்டி எனக்கு இல்லை. வழி உண்டா?

ரோசில் கணக்கன் | பிப்ரவரி 12, காலை 6.50

என் பழைய மடிக்கணினியிலும் லினக்ஸ்தான், நேற்றிரவு உட்கார்ந்தேன். முதலில் `v4l2-ctl -d /dev/video0 --list-ctrls` போட்டு உன் கேமராவில் என்னென்ன பெயர் இருக்கிறது என்று பார். பழைய லினக்ஸில் பெயர்கள் கொஞ்சம் வேறு, `focus_auto`, `exposure_absolute` என்று இருக்கும். என்னுடையதில் இப்படி:

```
v4l2-ctl -d /dev/video0 -c focus_automatic_continuous=0
v4l2-ctl -d /dev/video0 -c focus_absolute=35
v4l2-ctl -d /dev/video0 -c auto_exposure=1
v4l2-ctl -d /dev/video0 -c exposure_time_absolute=200
```

வரிசையை மாற்றாதே. தானியங்கியை அணைக்காமல் எண்ணைக் கொடுத்தால் ஏற்க மாட்டேன் என்கிறது. `auto_exposure=1` என்பதைப் பார்த்து, ஒன்று என்றால் தானியங்கி "ஆன்" என்று நினைத்து அரை மணி நேரம் ஏமாந்தேன். அங்கே 1 தான் கைமுறை, 3 தான் தானியங்கி.

இதில் ஒரு சந்தோஷம். இங்கே எக்ஸ்போஷர் எண் நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கணக்கில் போகிறது. 200 என்றால் சரியாக 1/50 நொடி, இரண்டு முழுத் துடிப்பு. விண்டோஸ் பெட்டியில் பாதி, பாதியாகத்தான் இறங்க முடியும், 1/50 என்று ஒரு படியே இல்லை. லினக்ஸில் பட்டை துளியும் இல்லை.

ரோசில் கணக்கன் | பிப்ரவரி 13, மதியம் 2.20

திருத்தம். 8-ஆம் தேதி "பூட்டியாயிற்று" என்று எழுதினேன், நிரந்தரம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்று கூட்டித் துடைக்கும்போது யூஎஸ்பி கழன்றது. மறுபடி சொருகினால் எல்லாம் தானியங்கிக்குத் திரும்பிவிட்டது. என் கேமராவின் நினைவு கம்பியில் கரண்ட் இருக்கும் வரைதான். கேமராவோடு வந்த கம்பெனி மென்பொருளும் திறந்ததும் தன் பழைய விருப்பங்களை அதன் மேல் ஏற்றிவிடுகிறது. இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம். அந்த மென்பொருளை நீக்கிவிட்டேன்.

இப்போது வழக்கம் இது: மீட்டிங்குக்கு ஐந்து நிமிடம் முன் பெட்டியைத் திறந்து 35, -5 இருக்கிறதா என்று பார்ப்பது, ஓபிஎஸ்ஸை மூடுவது, அப்புறம் மீட்டிங்கைத் திறப்பது. ஓபிஎஸ் திறந்தே இருந்தால் கேமராவை வேறு யாரோ பிடித்திருக்கிறார்கள் என்று மீட்டிங் கோபித்துக்கொள்கிறது. ஓபிஎஸ்ஸே வேண்டாம் என்பவர்களுக்கு, அதே பெட்டியைத் திறக்க ffmpeg-இல் ஒரு வரி போதும், மேற்கோளுக்குள் உங்கள் கேமராவின் பெயர்:

```
ffmpeg -f dshow -show_video_device_dialog true -i video="USB Camera"
```

செந்தான்ட்ரே வாசகர், ரெயூனியன் | பிப்ரவரி 13, இரவு 9.00

என் திரையில் எல்லாம் பிரெஞ்சு. எந்த ஸ்லைடர் என்று எண்ணிச் சொல்ல முடியுமா?

ரோசில் கணக்கன் | பிப்ரவரி 13, இரவு 9.25

என் பெட்டியில் மேலிருந்து இரண்டாவது ஃபோகஸ், மூன்றாவது எக்ஸ்போஷர். முதலாவது ஜூம், அதைத் தொட வேண்டாம். நான் தொட்டு ஒரு நாள் மூக்கு மட்டும் மீட்டிங்கில் கலந்துகொண்டது.

ரோசில் கணக்கன் | பிப்ரவரி 16, மாலை 3.00

தலையில் அடித்துக்கொள்கிறேன். புயல் எச்சரிக்கை என்று காலையில் ஜன்னல் பலகைகளை எல்லாம் இழுத்துச் சாத்தினோம். ஒரு மணிக்கு மீட்டிங்கைத் திறந்தால், கருப்புச் சதுரத்தில் இரண்டு மூக்குக்கண்ணாடிப் பளபளப்பு. -5-ஐ நான் ஜன்னல் வெளிச்சத்தில் பூட்டியிருக்கிறேன். பகலில் என் அறை வெளிச்சத்தில் பெரும்பங்கு ஜன்னல்தான் என்று அப்போதுதான் உறைத்தது. பாரிஸ் அம்மா, "நீங்கள் பத்திரமாக இருக்கிறீர்களா?" என்று கேட்டார். தப்புக் கணக்கு போட்ட வெட்கத்தில் ஆமாம் என்றேன்.

ஆகவே இப்போது என் நிலை: ஃபோகஸைப் பூட்டுவதில் எனக்குச் சந்தேகமே இல்லை, நாற்காலி நகராது. எக்ஸ்போஷரைப் பூட்டுவது திரைச்சீலை போட்டு விளக்கை நம்புகிறவருக்குத்தான். சூரியனை நம்புகிறவர் அதைத் தானியங்கியில் விட்டு, 50 ஹெர்ட்ஸ் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு, மானிட்டர் வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்வது மேல்.

பழைய ஸ்டூடியோ, போர்ட் லூயிஸ் | பிப்ரவரி 16, இரவு 7.10

இதில் நான் உங்களோடு இல்லை. திரைச்சீலையைப் போட்டுவிட்டு விளக்கில் உட்காருங்கள். முப்பது வருடம் சூரியனை நம்பிப் படம் எடுத்தவன் சொல்கிறேன், மீட்டிங்குக்கு அவன் ஆகமாட்டான். வெள்ளைச் சமநிலையையும் பூட்டுங்கள், இல்லாவிட்டால் பக்கம் நீலமாக மாறினால் உங்கள் முகம் மஞ்சளாகும்.

ரோசில் கணக்கன் | பிப்ரவரி 16, இரவு 7.45

ஐயா, மூன்று மணிக்கு இங்கே வந்து திரைச்சீலை போட்ட அறையில் உட்கார்ந்து பாருங்கள். பிப்ரவரி. மின்விசிறியின் நிழலும் முகத்தில் சுற்றும், அதுவும் ஒரு தனி இழை.

வெள்ளைச் சமநிலையைப் பூட்டிவிட்டேன். அது பயன்.

காத்ர் போர்ன் டீச்சர் | பிப்ரவரி 21, மதியம் 12.30

நீங்கள் எல்லாம் இவ்வளவு பேசியதைப் பார்த்து நானும் பூட்டினேன், தம்பி. இன்று வகுப்பில் உயிர்மெய் எழுத்து அட்டையைக் கேமராவுக்குக் கிட்டே காட்டினேன். அட்டை மங்கல், நான் தெளிவு. பிள்ளைகளுக்கு என் முகம் எதற்கு?

ரோசில் கணக்கன் | பிப்ரவரி 21, மதியம் 12.55

அக்கா, உங்களுக்குப் பூட்டு வேண்டாம், திறந்துவிடுங்கள். அல்லது அட்டையை முகத்தோடு சேர்த்துக் கன்னத்தருகே பிடியுங்கள். என் செய்தித்தாள் முறைதான்.

காத்ர் போர்ன் டீச்சர் | பிப்ரவரி 21, மதியம் 1.05

கன்னத்தருகே "ஙௌ" பிடித்துக்கொண்டு எப்படிச் சொல்லித்தருவது? திறந்துவிட்டேன்.

ரோசில் கணக்கன் | பிப்ரவரி 23, மாலை 3.40

இன்று: திரைச்சீலை பாதி, ஃபோகஸ் 35, எக்ஸ்போஷர் தானியங்கி, மானிட்டர் பாதி வெளிச்சம். நாற்பத்தைந்து நிமிடம், மங்கல் சுழியம், வெளுப்பு நான்கு, அவையும் நான் தேடியதால் தெரிந்தவை. பாரிஸ் அம்மா கடைசியில், "உங்கள் பின்சுவரில் ஏதோ அசைகிறதே" என்றார். திரும்பிப் பார்த்தேன். பல்லி. இரண்டு வருடமாக அங்கேதான் இருந்திருக்கும்.

காத்ர் போர்ன் டீச்சர் | பிப்ரவரி 23, மாலை 4.10

எந்தப் பக்கச் சுவர்? சத்தம் போட்டதா?

ரோசில் கணக்கன் | பிப்ரவரி 23, மாலை 4.12

நான் மைக்கை மியூட்டில் வைத்திருந்தேன் அக்கா.